சார்ட் அட்டையிலிருந்து விரிதாளுக்கு: ஒரு வகுப்பின் கிணற்றுக் கணக்கெடுப்பும் நான்கு வழிகளும்

குளச்சலுக்கும் தக்கலைக்கும் இடையிலுள்ள ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 42 பேர் தங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், கோடையின் நினைவு மாறுவதற்குள், வீட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கிணறு என்றால் எவ்வளவு ஆழம், ஏப்ரல், மே மாதங்களில் அது வற்றியதா, தண்ணீர் உப்புக் கரித்ததா, வீடு கடலிலிருந்து ஏறத்தாழ எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு, ஒரு பெரிய சார்ட் அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொருவரும் தத்தம் வரிசையைத் தாமே ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பினார்கள். ஆகஸ்டில் அறிவியல் கண்காட்சிக்கான செயல்திட்டமாக இதை எடுத்துக்கொண்டபோது, அந்த அட்டவணையைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு ஒரு மாணவிக்கு வந்தது. அவர்களுக்கு அறிவியல் எடுக்கும் நான் உடனிருந்து பார்த்ததையும், நான்கு வழிகளில் எதை ஏன் தேர்ந்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வழி நல்லது என்பது, அட்டவணையிடம் என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தச் செயல்திட்டத்தின் கேள்வி, கடலை ஒட்டிய கிணறுகள்தான் கோடையில் உப்புக் கரிக்கின்றனவா, ஆழம் கூடிய கிணறுகளில் அது கூடுதலா என்பது. கடற்கரை மண்ணுக்கடியில் நன்னீர், தன்னைவிட அடர்த்தி கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கோடையில் மழை இல்லாமல், நாமும் இறைத்துக்கொண்டே இருந்தால், மேலே உள்ள நன்னீரின் மட்டம் தாழ, கீழே உள்ள உப்புநீர் மேலேறுகிறது. ஆகவே கடல் தூரம், ஆழம், உப்பு ஆகிய மூன்றையும் ஒரே வீட்டுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். தனித்தனியாக எண்ணினால் கிடைக்காது.

முதல் வழி இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. மாணவி முதலில் செய்ய நினைத்தது அதைத்தான். சார்ட்டின் அடியில் வகுப்பினர் ஏற்கெனவே கோடுகள் போட்டு எண்ணிக் கூட்டுத்தொகை எழுதியிருந்தார்கள்: கிணறு 27, குழாய் 9, போர்வெல் 6, உப்புக் கரிப்பதாகச் சொன்னவர்கள் 9. "இந்த நாலு நம்பரையும் டைப் பண்ணி ஒரு பார் சார்ட் போட்டாப் போதும்லா டீச்சர்" என்றாள். ஐந்து நிமிட வேலை, படமும் அழகாக வரும். "அந்த ஒன்பது பேருல கடற்கரைக்காரங்க எத்தன பேரு மக்களே?" என்று கேட்டேன். கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல யாராலும் முடியாது. கூட்டிய பிறகு வீடுகள் மறைந்துவிடுகின்றன. கூட்டுத்தொகையைத் தூக்கி எறியவும் வேண்டாம். வரிசை வரிசையாக ஏற்றி முடித்த பின், கணினி தரும் எண்ணிக்கை சார்ட்டின் அடியிலுள்ள எண்ணிக்கையோடு பொருந்துகிறதா என்று பார்க்க அது உதவும்.

இரண்டாவது வழி, இணையப் படிவம் ஒன்றை உருவாக்கி மாணவர்களிடமே மறுபடி கேட்பது. விடைகள் நேராக விரிதாளில் வந்து விழும். ஆதாரம் என்ற கேள்விக்கு மூன்று தெரிவுகள் மட்டும் கொடுத்தால் எழுத்துப்பிழைக்கே இடமில்லை. புதிதாக ஒரு கணக்கெடுப்பைத் தொடங்குகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன். ஆனால் இங்கே கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஆகஸ்டுக்குள் தென்மேற்குப் பருவமழை பெய்து, மே மாதத்தில் அடி தெரிந்த கிணற்றில் தண்ணீர் ஏறி நிற்கும்போது, 'கோடையில் வற்றியதா' என்று கேட்டால் வரும் விடை ஜூனில் கேட்டபோது வந்த விடையாக இருக்காது. மறுபடி கேட்டால் அது வேறொரு கணக்கெடுப்பு ஆகிவிடும். பழைய தரவைக் கணினியில் ஏற்றியதாகாது. எல்லா வீட்டிலும் பிள்ளையின் கையில் கொடுக்கக்கூடிய போன் இருக்காது என்பதும் உண்மை. 42 வரிசை இருந்த இடத்தில் முப்பது சொச்சம் வந்து நின்றால், விடுபட்ட வீடுகள் எந்த ஊர் வீடுகள் என்ற புதிய கேள்வி எழும்.

மூன்றாவது வழிக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள்: போனில் படம் எடுத்து, அதிலிருந்து அட்டவணையை எடுத்துத் தரச் சொல்வது. எக்செல் கைபேசிச் செயலியில் Data from Picture என்ற வசதி இருக்கிறது. கூகுள் டிரைவில் ஒரு படத்தை ஏற்றி Google Docs கொண்டு திறந்தால் அதிலுள்ள எழுத்துகளைப் பிரித்துத் தரும். அச்சிட்ட அட்டவணைக்கு, அதிலும் எண்கள் மட்டுமே உள்ள அட்டவணைக்கு, முதல் வசதி நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாவது எழுத்துகளைத் தந்தாலும், கட்டங்களைப் பெரும்பாலும் காப்பாற்றித் தருவதில்லை. எந்த எண் எந்த வீட்டுக்கு உரியது என்று மறுபடி நாமே பொருத்த வேண்டியிருக்கும்.

கையால் வரைந்த சார்ட்டில் நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர்கள் தமிழில், நாற்பத்திரண்டு கைகளின் எழுத்தில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை உருத்தெரியாமல் வந்தன. இது பெரிய ஆபத்தில்லை, பார்த்தவுடன் தவறு என்று தெரிந்துவிடும். கோடுகள் சற்றே சாய்ந்திருந்த இடங்களில் இரண்டு வரிசைகள் ஒன்றாகி, அதற்குக் கீழே உள்ளவை எல்லாம் ஒரு படி நகர்ந்தன. வரிசை எண்ணைப் பார்த்து அதையும் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான ஆபத்து வேறொன்று. மேலே உள்ள விடையே தனக்கும் என்பதற்கு நம் பிள்ளைகள் இரண்டு சிறு கோடுகள் போடுவார்கள். ஆழம் என்ற பத்தியில் அந்த இரண்டு கோடுகளைச் செயலி 11 என்று படித்துவிட்டது. 11 அடி என்பது கடற்கரைக் கிணற்றுக்கு முற்றிலும் இயல்பான ஆழம். அந்த எண்ணைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஐயம் உள்ள கட்டங்களைச் செயலியே நிறமிட்டுக் காட்டுகிறது என்றாலும், தெளிவான இரண்டு நேர்க்கோடுகளைப் பார்த்தபோது அதற்கு ஐயமே வரவில்லை. உருத்தெரியாத பிழையைவிட, நம்பும்படி இருக்கும் பிழைதான் அறிவியல் செயல்திட்டத்தைக் கெடுக்கும். எனவே கையெழுத்து அட்டவணைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு கட்டத்தையும் தாளோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், தட்டச்சு செய்யும் உழைப்பில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது.

ஆனால் படம் எடுப்பதை விட்டுவிடக் கூடாது. சார்ட் மடங்கும், ஈரம் பட்டால் ஸ்கெட்ச் மை ஊறிப் பரவும். வராந்தாவில் பகல் வெளிச்சத்தில் சார்ட்டைச் சுவரில் தட்டையாக ஒட்டி, பிளாஷ் இல்லாமல், கேமராவை நேர் எதிரே பிடித்து, முழுச் சார்ட்டுக்கு ஒரு படமும் மேல்பாதி, கீழ்ப்பாதிக்குத் தனித்தனிப் படங்களும் எடுத்துக்கொண்டோம். பின்னால் எந்தக் கட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்தாலும் பார்க்க வேண்டிய மூலம் அதுதான்.

மிஞ்சியது நான்காவது வழி: வீட்டுக்கு ஒரு வரிசையாகக் கையால் தட்டச்சு செய்வது. ஆறு பத்திகள், 42 வரிசைகள், ஆக 252 கட்டங்கள். கேட்க மலைப்பாக இருந்தாலும், ஒரு மாலை நேரத்தில் முடியக்கூடிய வேலைதான். அதை எப்படிச் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் தாளில் மனிதக் கண்ணுக்குப் புரிகிற பல வசதிகள் விரிதாளுக்குப் புரியாது.

மேற்சொன்ன இரட்டைக் கோடுகள் முதலாவது. நான்கு பேர் அடுத்தடுத்து மணவாளக்குறிச்சிக்காரர்கள் என்றால், ஊரை ஒருமுறை எழுதி நான்கு வரிசைக்கும் சேர்த்து ஓர் அடைப்பு போட்டிருப்பார்கள். அதை அப்படியே ஏற்றினால், பட்டியலை ஆழத்தின்படி வரிசைப்படுத்திய நொடியில் மூன்று வீடுகள் ஊர் இல்லாமல் அலையும். ஒவ்வொரு கட்டத்திலும் விடையை முழுதாக எழுதியே ஆக வேண்டும். கட்டங்களை ஒன்றாக இணைக்கவும் கூடாது.

அடுத்து வெற்றுக் கட்டம். 27 கிணறுகளில் மூன்றுக்கு ஆழம் எழுதப்படவில்லை. தெரியாது என்பதால் விட்டிருந்தார்கள். மாணவி அவற்றில் 0 என்று போட்டுவைத்தாள், வெறுமையாக விட்டால் மறந்ததுபோல் தோன்றும் என்று. ஆழம் தெரிந்த 24 கிணறுகளின் கூட்டுத்தொகை 624 அடி, சராசரி 26 அடி. மூன்று பூஜ்யங்களையும் சேர்த்தால் அதே 624ஐ 27ஆல் வகுத்து 23.1 என்று வரும். விரிதாளின் சராசரி வாய்பாடு வெற்றுக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்யத்தை எண்ணிக்கொள்ளும். தெரியாததை வெறுமையாகவே விட்டு, ஏன் வெறுமை என்பதைக் குறிப்புப் பத்தியில் 'தெரியாது' என்று எழுதுவதே சரி. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு அதே இடத்தில் 'பொருந்தாது' என்று வரும்.

அளவுகள்தான் இந்தக் கணக்கெடுப்பின் மிகச் சிக்கலான பகுதி. பெரும்பாலோர் அடியில் எழுதியிருந்தார்கள். ஒருவர் '8 மீ' என்றும், இருவர் '14 உறை', '20 உறை' என்றும், ஒருவர் '10-12' என்றும் எழுதியிருந்தார்கள். கிணற்று ஆழத்தை உறைக் கணக்கில் சொல்வது பெரியவர்களின் வழக்கம், ஆனால் ஓர் உறையின் உயரம் எல்லாக் கிணற்றிலும் ஒன்றல்ல. அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் கிணற்றின் மேல் தெரியும் உறைகளில் ஒன்றை ஸ்கேலால் அளந்து வரச் சொல்லி, அதன்படி பெருக்கினோம். 8 மீட்டரை 3.28ஆல் பெருக்கி 26.2 அடி என்று கொண்டோம். இங்கே முக்கியமான முடிவு, ஆழத்துக்கு இரண்டு பத்திகள் வைத்ததுதான். ஒன்றில் மாணவர் எழுதியபடியே '14 உறை' என்று இருக்கும், அடுத்ததில் அடிக்கு மாற்றிய எண் இருக்கும். மாற்றிய எண்ணை மட்டும் வைத்திருந்தால், மாற்றியது சரியா என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

'10-12' என்பது தனிக் கதை. அதைத் தட்டியவுடன் எக்செல் அதை டிசம்பர் 10 என்ற தேதியாக மாற்றிவிட்டது. திரையில் தேதி தெரிந்தாலும், உள்ளே தேதி என்பது 1900இலிருந்து எண்ணப்படும் நாள்களின் எண். 2024 டிசம்பர் 10 என்றால் 45636. அந்தக் கட்டம் கவனிக்கப்படாமல் அடிப் பத்தியில் நின்றிருந்தால், மேலே சொன்ன சராசரி 26 அடியிலிருந்து 1,927 அடிக்குத் தாவியிருக்கும். 1,927 என்பது அபத்தமாக இருப்பதால் கண்ணில் படும், அது நல்லதுதான். மனித மரபணுக்களின் பெயர்களையே எக்செல் தேதியாக மாற்றிக் குழப்பியதால், 2020இல் அவற்றில் சிலவற்றுக்கு அறிவியலாளர்கள் பெயரை மாற்ற வேண்டி வந்தது என்று சொன்னபோது வகுப்பு நம்ப மறுத்தது. தீர்வு எளிது: 'எழுதியபடி' என்ற பத்தியை, தட்டச்சு தொடங்கும் முன்பே எழுத்து வடிவத்துக்கு, அதாவது Text என்பதற்கு மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் 10-12 திரும்பி வராது, 45636தான் வரும். அடிப் பத்தியில் நடுமதிப்பாக 11 இட்டு, குறிப்பில் காரணம் எழுதினோம்.

இனி சரிபார்ப்பு. இதிலும் இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் வாசிக்க மற்றவர் திரையைப் பார்ப்பது விரைவானது. ஆனால் வாசிப்பவர் மெல்லச் சொன்னால் பதினாறும் பதினேழும் காதில் மயங்கும், நேரம் ஆக ஆகக் கேட்பவரின் கண்ணும் எதிர்பார்த்ததையே பார்க்கத் தொடங்கும். மற்ற வழி, முதல் தட்டச்சைப் பார்க்காத இன்னொரு மாணவர் அதே சார்ட்டிலிருந்து வேறொரு தாளில் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வது. பிறகு இரண்டு தாள்களையும் கணினியே ஒப்பிடும்:

```
=IF(EXACT(Sheet1!E2,Sheet2!E2),"","பார்")
```

இந்த வாய்பாட்டை மூன்றாவது தாளில் எல்லாக் கட்டங்களுக்கும் இழுத்துவிட்டால், வேறுபடும் இடங்களில் மட்டும் 'பார்' என்று தெரியும். சமக்குறி போட்டு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது, ஏனென்றால் எக்செல் சமக்குறி ஒப்பீட்டில் வெற்றுக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் ஒன்றாகவே கொள்ளும். நாம் முக்கியமாகக் கண்டுபிடிக்க வேண்டிய வேறுபாடே அதில் மறைந்துவிடும். இரட்டைத் தட்டச்சுக்கு நேரம் இருமடங்கு ஆகும் என்றாலும், 252 கட்டங்களுக்கு அது தகும் என்பதே என் முடிவு. ஆயிரக்கணக்கில் கட்டங்கள் இருந்தால், எண் பத்திகளை மட்டுமாவது இப்படிச் செய்யச் சொல்வேன்.

ஒப்பீட்டில் ஐந்து கட்டங்கள் சிக்கின. ஒரு வரிசையில் ஒருவர் 17 என்றும் மற்றவர் 11 என்றும் படித்திருந்தார்கள். ஓரிடத்தில் இரட்டைக் கோட்டுக்கு நேர் மேலே உள்ளதை எடுக்காமல் அதற்கும் மேலே இருந்ததை எடுத்திருந்தார்கள். ஓரிடத்தில் 'கிணறு' என்பதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி இருந்தால் விரிதாளின் எண்ணும் வாய்பாடு அந்த வீட்டைக் கிணறுகளோடு சேர்க்காது, 27க்குப் பதில் 26 என்று காட்டும். மற்ற இரண்டும் தக்கலை, தக்கல என்பது போன்ற ஊர்ப்பெயர் வேறுபாடுகள். ஐந்தையும் சார்ட்டைப் பார்த்துத் தீர்த்தோம். 17ஆ 11ஆ என்பது சார்ட்டிலேயே தெளிவில்லாததால், எழுதிய பையனையே கூப்பிட்டுக் கேட்டோம், 17 என்றான். இரண்டு பேரும் ஒரே எழுத்தை ஒரே மாதிரித் தவறாகப் படித்திருந்தால் இந்த முறை அதைக் காட்டாது. கிணற்றின் ஆழத்தை வீட்டிலேயே தவறாகச் சொல்லியிருந்தாலும் காட்டாது. இரட்டைத் தட்டச்சு, தாளில் உள்ளது திரைக்குச் சரியாக வந்ததா என்பதை மட்டுமே சொல்கிறது.

அதன் பிறகுதான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குப் போனோம். C பத்தியில் கடல் தூரம், D பத்தியில் ஆதாரம், H பத்தியில் உப்பு:

```
=COUNTIFS(D2:D43,"கிணறு",C2:C43,"<=2",H2:H43,"ஆம்")
```

கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இருந்த 11 கிணறுகளில் 7 உப்புக் கரித்தன. அதற்கு அப்பால் இருந்த 16 கிணறுகளில் ஒன்று மட்டுமே கரித்தது. ஒன்பதாவது வீட்டில் போர்வெல். 7, 1, 1 சேர்ந்து சார்ட்டின் அடியில் இருந்த 9 பொருந்தியது. கூட்டுத்தொகையை மட்டும் ஏற்றியிருந்தால் இந்தப் பிரிவு தெரிய வந்திருக்காது. ஆழத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு 11 கிணறுகள் போதவில்லை என்றே மாணவி அறிக்கையில் எழுதினாள். அதை நான் திருத்தவில்லை. உப்பு என்பதும் நாக்கால் சொன்ன விடைதான், கருவியால் அளந்ததல்ல என்பதையும் ஒரு வரியாகச் சேர்த்தாள்.

கோப்பைப் பிறருக்குக் கொடுக்கும் முன் இரண்டு காரியங்கள் மிச்சம். சார்ட்டில் மாணவர்களின் பெயர்கள் இருந்தன. அது வகுப்புச் சுவரில் இருக்கும்வரை சரி, ஆனால் கோப்பு எங்கும் போகும் என்பதால் அதில் வரிசை எண் மட்டுமே போட்டோம். மற்றது, கண்காட்சிக் குழு சிஎஸ்வி வடிவத்தில் கேட்டதால் எக்செல்லின் சாதாரண சிஎஸ்வியில் சேமித்தபோது, தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. சேமிக்கும் பட்டியலில் CSV UTF-8 என்பதைத் தேர்ந்தால் தமிழ் அப்படியே இருக்கும். கேள்விக்குறியாக மாறிய கோப்பிலிருந்து தமிழை மீட்க முடியாது என்பதால், எக்செல் கோப்பையும் சார்ட்டின் படங்களையும் ஒரே கோப்புறையில் வைத்து, அதன் நகலொன்றைப் பள்ளிக் கணினியிலும் போட்டுவைத்தோம்.